தொலைந்த செல்போனும் மனு ரசீதும்

செல்போனைத் தொலைத்தவர்களில் காவல் நிலையம் வரை போகிறவர்கள் குறைவு. போகிறவர்களிலும் பலர் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, "கிடைச்சா கூப்பிடுறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மனு கொடுத்தாயிற்று என்ற நிம்மதி அவர்களுக்கு. ஆனால் கையில் ரசீது இல்லாதவரை, அந்த மனு கொடுக்கப்பட்டது என்பதற்கு அவர்களுடைய வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை. நாலு நாள் கழித்து செல்போனை முடக்கும் அரசு இணையதளம் "புகார் எண் என்ன, நகலை ஏற்று" என்று கேட்கும்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரிகிறது.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலை வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. விசைத்தறியும் பூச்சந்தையும் ஊரின் பிழைப்பு. ஆடித்தபசு நாட்களில் சுற்றுவட்டாரமே அந்த ரத வீதிகளில் திரண்டுவிடும். பேருந்து நிலையத்திலிருந்து திருநெல்வேலி, ராஜபாளையம், தென்காசி என்று நாலு பக்கமும் பேருந்துகள் ஓடுகின்றன. விருதுநகர்–தென்காசி ரயில் பாதையும் ஊர் வழியாகப் போகிறது. செல்போன் தொலைவதற்கான எல்லாச் சூழலும் உள்ள, ஆனால் பெருநகரக் காவல்துறையின் வசதிகள் இல்லாத ஒரு நடுத்தர ஊர் இது. தமிழ்நாட்டில் பலர் செல்போனைத் தொலைப்பது இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

மூன்று விதத் தாள்கள்

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மூன்றில் ஒன்று கைக்கு வரலாம். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, நாம் கொண்டுபோன மனுவின் இரண்டாம் படியில் முத்திரை குத்திக் கையெழுத்திட்டுத் தருவது. இது மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம், அவ்வளவே. இதில் பதிவு எண் இருக்காது. பின்னாளில் யாராவது பதிவேட்டில் தேடினால் இந்த மனு அகப்படும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது, தமிழ்நாட்டில் எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்லும் மனு ரசீது. நிலையத்தில் சமுதாயப் பணிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. குற்ற வழக்காக உடனே பதியப்படாத மனுக்கள் இதில் ஏறுகின்றன. ஏறியதும் ஒரு வரிசை எண்ணும் ஆண்டும் கிடைக்கும். மனுதாரர் பெயர், முகவரி, மனுவின் சுருக்கம், தேதி, நேரம், பெற்றுக்கொண்ட அலுவலரின் கையெழுத்து, நிலைய முத்திரை ஆகியவற்றோடு ரசீது வழங்கப்படும். காசு கிடையாது. இந்த எண்ணை வைத்து தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மனுவின் நிலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை. பேச்சு வழக்கில் எஃப்.ஐ.ஆர். இது சட்டம் வகுத்த ஆவணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, இதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. சி.எஸ்.ஆர். அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அது தமிழ்நாடு காவல்துறை தன் நிர்வாகத்துக்காக வைத்திருக்கும் ஏற்பாடு. ஆகவே சி.எஸ்.ஆர். வாங்கியவர் "வழக்குப் பதிவாகிவிட்டது" என்று நினைத்தால் அது தவறு. அதே சமயம், வழக்கே இல்லாத ஒரு விஷயத்துக்கு சி.எஸ்.ஆர். போதும், அதைக் குறைத்து எண்ணவும் வேண்டியதில்லை.

தொலைந்ததா, திருடப்பட்டதா

இந்த மூன்றில் எது கிடைக்கவேண்டும் என்பதை மனுவில் நாம் எழுதும் ஒரு சொல் தீர்மானிக்கிறது. "தொலைந்துவிட்டது" என்று எழுதினால் அங்கே குற்றமே நடக்கவில்லை. பையிலிருந்து நழுவி விழுந்த பொருளுக்கு யார் மீதும் வழக்குப் போட முடியாது. அதற்கு சி.எஸ்.ஆர். சரியான தாள். "திருடிவிட்டார்கள்" என்று எழுதினால் கதை மாறுகிறது.

புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்குரியது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அந்தத் திருட்டைப் போலீஸ் நேரடியாகப் புலன்விசாரிக்க முடியாத குற்றமாக நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. அப்போது 174ஆம் பிரிவின்படி தகவலைப் பதிந்துகொண்டு, மனுதாரரை நீதித்துறை நடுவரிடம் அனுப்பவேண்டும். 5,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் அது நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். இன்று விற்கும் ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கு மேலேதான் வருகின்றன. கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் அது 304ஆம் பிரிவின் வழிப்பறிப்பு. அங்கே மதிப்புக் கணக்கே கிடையாது.

இத்தகைய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. நடைமுறை அப்படி இல்லை. ஒவ்வொரு திருட்டு வழக்கும் நிலையத்தின் குற்றக் கணக்கில் ஏறும். துப்புத் துலங்காவிட்டால் நிலுவையில் கிடக்கும். அதனால் "திருட்டுன்னு எழுதாதீங்க, காணாமப் போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்" என்ற யோசனையை எந்த ஊர் நிலையத்திலும் கேட்கலாம். அந்த யோசனை எப்போதும் கெட்டதும் அல்ல. போன் விழுந்ததா, எடுக்கப்பட்டதா என்று உரியவருக்கே தெரியாத சந்தர்ப்பங்கள்தான் அதிகம். கூட்டத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார், போன் இல்லை. இரண்டில் எது நடந்தது என்று அவர் எப்படிச் சொல்வார்?

நடந்ததை நடந்தபடி எழுதுவதே இதற்கு வழி. பை கிழிக்கப்பட்டிருந்தால், யாரோ இடித்துவிட்டுப் போனதும் போன் இல்லாமல் இருந்தால், அதை அப்படியே எழுதி, திருடப்பட்டதாகவே நம்புவதாகச் சொல்லலாம். அதைக் "காணாமற்போனது" என்று மாற்றி எழுத மனுதாரருக்குக் கட்டாயம் இல்லை. ஒன்றும் தெரியாதபோது "விழுந்ததா, யாரும் எடுத்தார்களா என்று தெரியவில்லை" என்று எழுதலாம். வேகமாக நடவடிக்கை வரும் என்று எண்ணி, இல்லாத திருட்டை இட்டுக்கட்டுவது வேறு. பொது ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

பதினைந்து இலக்கம்

ரசீது கையில் இருந்தும் பயன்படாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. "கருப்பு நிற செல்போன் ஒன்று காணவில்லை" என்று மட்டும் எழுதப்பட்ட ரசீது அப்படிப்பட்டது. ஒரு குறிப்பிட்ட போனை நாட்டிலுள்ள மற்ற எல்லாப் போன்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அதன் ஐ.எம்.இ.ஐ. எண். பதினைந்து இலக்கம் கொண்டது. முதல் எட்டு இலக்கம் எந்தத் தயாரிப்பு, எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தத் தனிப் போனின் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் எழுதவேண்டும், ஒன்றை விட்டால் முடக்கும்போது ஒரு பாதை திறந்தே கிடக்கும்.

போன் கையில் இருக்கும்போது *#06# என்று அழுத்தினால் இந்த எண் திரையில் வரும். போன் போன பிறகு அது அச்சிட்ட அட்டைப்பெட்டியில் இருக்கும், கடைக்காரர் எழுதியிருந்தால் பில்லில் இருக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் கணக்கில் வேறு கருவி வழியாக நுழைந்து, தொலைந்த கருவியைத் தேடும் பக்கத்திலும் பார்க்கலாம்.

கையால் எழுதும் பதினைந்து இலக்கத்தில் ஒன்று பிசகினாலும் எண் வேறு போனுடையதாகவோ, எந்தப் போனுடையதும் அல்லாததாகவோ ஆகிவிடும். கடைசி இலக்கம் இருப்பதே இதைப் பிடிக்கத்தான். தொழில்நுட்ப விளக்கங்களில் மாதிரியாகக் காட்டப்படும் 490154203237518 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பதினான்கு இலக்கத்தில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. இப்படி இரட்டித்தவற்றின் கூட்டு 30, இரட்டிக்காதவற்றின் கூட்டு 22, ஆக 52. இதற்கு மேல் வரும் பத்தின் மடங்கு 60. மீதி 8. எண்ணின் கடைசி இலக்கமும் 8 என்பதால் சரி. நடுவில் ஒரு 3 தவறி 8 ஆகியிருந்தால் கணக்கு ஒத்துவராது. ரசீதை வாங்கிய இடத்திலேயே இதைச் செய்ய வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணோடு நாலு நாலு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். வீட்டுக்கு வந்த பின் சந்தேகம் எழுந்தால் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

தபசுக் கூட்டத்தில் ஒரு மனு

நடைமுறையைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தவணையில் 13,500 ரூபாய்க்குப் போன் வாங்கியிருக்கிறார். ஆடித்தபசு அன்று மாலை ரத வீதியில் நிற்கிறார். ஆறரை மணிக்குப் பையைத் தொட்டால் போன் இல்லை. மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டால் இரண்டு முறை மணி அடிக்கிறது. மூன்றாம் முறை அணைக்கப்பட்டிருக்கிறது.

அவர் முதலில் ஓடவேண்டியது காவல் நிலையத்துக்கு அல்ல. மனைவியின் போனிலிருந்தே சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை நிறுத்தவேண்டும். வங்கியை அழைத்து கணக்கின் மொபைல் சேவையை முடக்கச் சொல்லவேண்டும். கூகுள் கணக்கு வழியாகப் போனைப் பூட்டவேண்டும். இந்த மூன்றுக்கும் காவல் துறை ரசீது தேவையில்லை, தாமதம்தான் ஆபத்து. வங்கியில் அழைப்பை எடுத்தவர் சொல்லும் புகார் எண்ணை ஒரு துண்டுத்தாளில் நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டி, பில், ஆதார் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு நகரக் காவல் நிலையத்துக்குப் போகிறார். மனு இப்படி இருந்தால் போதும்: "நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். இன்று மாலை சுமார் 6 மணி முதல் 6.30 மணிக்குள் ஆடித்தபசு கூட்டத்தில் ரத வீதியில் நின்றபோது என் சட்டைப்பையில் இருந்த செல்போனைக் காணவில்லை. தவறி விழுந்ததா, யாரும் எடுத்தார்களா என்று தெரியவில்லை. போனின் நிறுவனம், மாடல், நிறம் இவை; ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டும் இவை. அதில் இருந்த சிம் எண் இது. வாங்கிய தேதியும் கடையும் விலையும் இவை. போனைக் கண்டுபிடித்துத் தருமாறும், அதை முடக்குவதற்காக மனு ரசீது வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரியை எழுதிவிட்டால் ரசீதைக் கேட்பது தனிக் கோரிக்கையாக இல்லாமல் மனுவின் பகுதியாகிவிடுகிறது.

திருவிழா நாளில் காவலர்கள் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். நிலையத்தில் இருக்கும் ரைட்டர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். அடுத்த நாள் ரசீது கிடைத்தாலும் பெரிய கேடில்லை; ஆனால் தொலைந்த தேதியும் நேரமும் ரசீதில் சரியாக ஏறியிருக்க வேண்டும். மனு கொடுத்த நாளே தொலைந்த நாளாகப் பதிவாகிவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

அடுத்து சிம். அடையாள அட்டையோடு சிம் நிறுவனக் கடைக்குப் போனால் அதே எண்ணுக்கு மாற்று சிம் கிடைக்கும். ஆனால் மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. திருட்டுத்தனமாக சிம் மாற்றி ஓ.டி.பி.யைக் கைப்பற்றும் மோசடியைத் தடுக்க வந்த விதி இது. போனை முடக்கும் விண்ணப்பத்துக்கு அந்த எண்ணில் ஓ.டி.பி. வரவேண்டும் என்பதால், விண்ணப்பத்தையும் ஒரு நாள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தபசு மாலையில் போன் தொலைந்தால், மறுநாள் சிம், அதற்கு மறுநாள் விண்ணப்பம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். அமைப்பில் போடப்படுவது. நாட்டிலுள்ள எல்லா செல்போன் நிறுவனங்களின் கருவிப் பதிவேடுகளையும் இணைக்கும் மையப் பதிவேடு அது. 2019இல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. sancharsaathi.gov.in என்ற தளத்தில் தொலைந்த போனை முடக்கும் பகுதியைத் திறந்தால் சிம் எண், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், மாடல், தொலைந்த இடம், தேதி ஆகியவற்றை அடுத்து மாநிலம், மாவட்டம், காவல் நிலையம், புகார் எண் என்று வரிசையாகக் கேட்கும். புகார் நகலைப் படமாக ஏற்றச் சொல்லும். முத்திரை மட்டும் குத்திய இரண்டாம் படியை வைத்திருப்பவர் இந்த இடத்தில் தடுமாறுவார். அதில் எண் இல்லை. சி.எஸ்.ஆர். வைத்திருப்பவர் எண்ணையும் ஆண்டையும் நிரப்பிவிட்டு மேலே போவார். முடிவில் ஒரு கோரிக்கை எண் கிடைக்கும். அதை ரசீதின் பின்பக்கமே எழுதி வைப்பது நல்லது; போன் கிடைத்தபின் முடக்கத்தை நீக்க அந்த எண்தான் வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் போன் இந்தியாவின் எந்த நிறுவனத்தின் வலையிலும் இயங்காதபடி முடக்கப்படுகிறது. முடக்கினால் போலீஸ் தேட முடியாமல் போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. யாராவது தன் சிம்மைப் போட்டு அந்தப் போனை உயிர்ப்பித்தால், போன் வலையிடம் தன் எண்ணைச் சொல்லும். முடக்கப் பட்டியலில் உள்ள எண் என்பதால் தகவல் சி.இ.ஐ.ஆர். வழியாக விண்ணப்பத்தில் குறித்த காவல் நிலையத்துக்குப் போகும். எந்த சிம் போடப்பட்டது என்பது தெரியவந்தால் காவலர் அந்த எண்ணை அழைக்கிறார். போன் மூன்றாம் கையாக வாங்கியவரிடமோ, கண்டெடுத்தவரின் உறவினரிடமோ இருக்கும். பல சமயம் ஓர் அழைப்பிலேயே போன் கூரியரில் வந்துவிடும். விண்ணப்பத்தில் காவல் நிலையத்தைத் தவறாகத் தேர்ந்திருந்தால் இந்தத் தகவல் வேறு நிலையத்துக்குப் போய்க் கிடக்கும். ரசீதில் உள்ள நிலையப் பெயரும் விண்ணப்பத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது இதனால்தான். சங்கரன்கோவிலில் நகரக் காவல் நிலையம் வேறு, தாலுகா காவல் நிலையம் வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

தேதி பேசும் இடங்கள்

ரசீதின் இரண்டாவது பயன் அதில் உள்ள தேதி. தொலைந்த போனிலிருந்து பணம் போனாலோ, அந்த எண்ணிலிருந்து யாருக்காவது மிரட்டலோ மோசடி அழைப்போ போனாலோ, அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்ற கேள்வி எழும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள். சம்பவத்துக்கு முன்தேதியிட்ட ரசீது அவரைத் தானாகவே விடுவித்துவிடாது. ஆனால் விசாரணை அவரிடமிருந்து அடுத்த இடத்துக்கு நகர்வதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. சம்பவத்துக்குப் பின் வாங்கிய ரசீதுக்கு இந்த வலு கிடையாது.

பணத்தைப் பொறுத்தவரை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரே ஏற்கவேண்டும் என்றும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கி ஏற்கவேண்டும் என்றும் வகுத்தது. இங்கே எல்லைக்கோடு வங்கிக்குத் தெரிவித்த நேரம். காவல் நிலைய ரசீது அந்த நேரத்தை மாற்றாது. அதனால்தான் வங்கி அழைப்பு முதலில், காவல் நிலையம் பிறகு. பணம் போயேவிட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் உடனே அழைக்கவேண்டும். வங்கியோடு பின்னர் தகராறு வந்தால், போன் தன் கையில் இல்லை என்பதை நிறுவ மனு ரசீது துணைச் சான்றாக நிற்கும்.

போன் கிடைத்த பிறகு

எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆரா என்பதன் வேறுபாடு போன் கிடைத்த பிறகு மறுபடியும் தலைகாட்டும். சி.எஸ்.ஆர். மனுவில் மீட்கப்பட்ட போனை நிலையத்திலேயே அடையாளம் காட்டி, ரசீதையும் பில்லையும் காண்பித்து, கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் மீட்ட போன்களை வரிசையாக அடுக்கி உரியவர்களிடம் ஒப்படைப்பதாக நாளிதழ்களில் வரும் படங்கள் பெரும்பாலும் இவ்வகை.

வழக்குப் பதிவாகியிருந்தால் மீட்கப்பட்ட போன் வழக்குச் சொத்து. நடுவர் நீதிமன்ற உத்தரவு பெற்றே திரும்ப வாங்க முடியும். கைப்பற்றிய பொருட்களை நிலையத்தில் நீண்ட காலம் போட்டுவைக்கக் கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கத் தேவையில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் பொருளைப் படம் எடுத்து, விவரம் தயாரித்து, காலக்கெடுவுக்குள் உத்தரவிட வழிவகுக்கிறது. இருந்தாலும் நீதிமன்ற நடை, வக்கீல் செலவு என்று கணக்குப் பார்த்தால் ஆறாயிரம் ரூபாய் போனுக்கு அது கட்டுபடியாகாது என்று ஒருவர் முடிவு செய்யலாம். அந்த முடிவை எடுக்கவேண்டியவர் போனுக்கு உரியவர். திருடியவனைத் தண்டிக்க வேண்டுமா, போன் திரும்பி வந்தால் போதுமா என்பதைத் தெரிந்து மனு எழுதுவதற்கும், நிலையத்தில் சொன்னபடி எழுதிக் கொடுப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

எந்த நிலையம், தரமறுத்தால் என்ன

திருநெல்வேலியில் ஏறி மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவிலில் இறங்கியவருக்கு, போன் எந்த ஊர் எல்லையில் போனது என்று தெரியாது. வழியில் மாவட்டமே மாறுகிறது. திருட்டு என்றால் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 173ஆம் பிரிவே சொல்கிறது. பதிந்தபின் உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்வது போலீஸின் வேலை. தொலைந்தது மட்டும் என்றால், இல்லை என்பதை முதலில் கவனித்த இடத்தின் நிலையத்தில் மனு கொடுப்பது நடைமுறை. ரயிலில் என்றால் இருப்புப்பாதைக் காவல்துறையிடம் போகவேண்டும்.

நிலையத்தில் ரசீது தர மறுத்தால் மூன்று வழி இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நேரடியாகப் புகார் பதியலாம். அங்கே பதிவு எண் தானாக வரும். அதே தளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. அது கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்றிதழ் போன்றவற்றுக்கானது. செல்போனுக்கு அதில் நுழைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டாவது, உட்கோட்ட டி.எஸ்.பி. அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, அங்கிருந்து நிலையத்துக்கு அனுப்பச் செய்வது. மூன்றாவது, திருட்டாக இருந்து வழக்குப் பதிய மறுத்தால் மனுவின் சாரத்தைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் நடுவரிடம் போகலாம். இதற்கு 173ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் இடமிருக்கிறது. தபால் ரசீதும் ஒப்புகையும் அங்கே மனு ரசீதின் வேலையைச் செய்யும்.

டெல்லி காவல்துறை தொலைந்த பொருட்களுக்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது. உரியவரே விவரங்களை நிரப்பினால் மின்கையொப்பமிட்ட அறிக்கை மின்னஞ்சலுக்கு வந்துவிடும். நிலையத்தின் படியேறத் தேவையில்லை. எண்ணை அவரே அடிப்பதால் பிழைக்கும் அவரே பொறுப்பு. செல்போனுக்கு இப்படி ஒரு வசதி வந்தால் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் ரைட்டரின் மேசைச் சுமையும் குறையும், ரசீதில்லாமல் திரும்பும் மனுதாரர்களும் குறைவார்கள்.

ரசீதால் ஆகாதவை

ரசீது போனைத் தேடித்தராது. போனைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிட்டால் எந்தப் பதிவேடும் உதவாது. நாட்டுக்கு வெளியே கடத்திவிட்டால் இந்தியாவின் முடக்கம் அங்கே செல்லாது. சிம் போடாமல் வைஃபையில் மட்டும் பயன்படுத்தினால் தகவல் வராது. ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றிவிடும் கடைகளும் உண்டு; 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரை சிறை வைத்திருந்தும் அந்தத் தொழில் நிற்கவில்லை. பழைய போன் வாங்குகிறவர்கள் KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது முடக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். திருட்டுப் போனுக்குச் சந்தை சுருங்க இது ஒன்றே எளிய வழி.

இத்தனை எல்லைகளுக்குள்ளும், முடக்கம், தேடல், பணத்தகராறு, திரும்பப் பெறுதல் என்று அடுத்துவரும் எல்லாப் படிகளும் ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் கேட்டே நகர்கின்றன. ஆகவே காவல் நிலையத்தை விட்டு வெளியே வருமுன் ரசீதில் ஆறு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சி.எஸ்.ஆர். எண்ணும் ஆண்டும், நிலையத்தின் பெயர், தொலைந்த தேதியும் நேரமும், சிம் எண், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், கையெழுத்தும் முத்திரையும். ஒன்று விடுபட்டாலும் அங்கேயே சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்று இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: *#06# அழுத்தி, வரும் இரண்டு எண்களையும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.